24 இலட்சம் என்ற கடிதமும் வங்கிக்கு வந்த சம்பளமும்: கிளிநொச்சியில் ஒரு நிகழ்வு ஆய்வு

கிளிநொச்சியில் கணக்கு வேலை பார்ப்பவன் என்பதால் சம்பளச் சிட்டை, ஓஃபர் லெற்றர், வரிப் படிவம் என்று ஏதாவது ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஊர்ப்பிள்ளைகள் வருவது வழக்கம். அப்படி வந்த ஒரு கடிதத்தின் கதை இது. சம்பந்தப்பட்டவர் எழுதச் சம்மதித்தார். பெயரும் நிறுவனமும் இல்லாமல், கணக்கு விளங்குகிற அளவுக்கு மட்டும் விவரம் தருகிறேன்.

## பின்னணி

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற ஒரு குடும்பம். மூத்த மகள் பட்டதாரி. கிளிநொச்சியில் ஓர் உதவி நிறுவனத்தில் தரவு அலுவலராக மூன்று ஆண்டுகள் வேலை செய்துகொண்டிருந்தார். சம்பளம் 108,000 ரூபா, சிட்டையில் ஒரே தொகை, வேறு கொடுப்பனவு கிடையாது. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது ஈ.பி.எப்.புக்கு, 8 வீதமாக 8,640 ரூபாவும் முத்திரை வரி 25 ரூபாவும் கழிந்து மாதம் 99,335 ரூபா வங்கிக்கு வரும். வருமான வரி இல்லை.

வேலையில் குறையில்லை. ஆனால் அது திட்ட வேலை. ஒப்பந்தம் 2025 டிசெம்பரோடு முடிகிறது, நீடிப்பார்களா என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. வன்னியில் உதவி நிறுவனங்களில் வேலை செய்தவர்களுக்கு அந்த மௌனத்தின் அர்த்தம் தெரியும்.

ஜூலையில் கொழும்பில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனம் தொலைபேசியில் நேர்முகம் வைத்தது. மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் வேலை. எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டபோது இவர் 150,000 என்றிருக்கிறார். மனிதவளப் பிரிவில் இருந்தவர், "எங்கட பக்கேஜ் வருசத்துக்கு 24 இலட்சம், சி.ரி.சி." என்றார். சி.ரி.சி. என்றால் ஓர் ஊழியரால் நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. கேட்டதை விடக் கூடத் தருகிறார்கள் என்றால் யார்தான் மறு கேள்வி கேட்பார்கள்? 24 இலட்சத்தைப் பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 200,000. அந்த இரவே வீட்டில் அந்தத் தொகை நிலைபெற்றுவிட்டது.

தம்பிக்கு உழவு இயந்திரம் எடுக்கும் எண்ணம் ஏற்கெனவே இருந்தது. காலபோகம் தொடங்கினால் உழவுக்கு ஆள் பிடிக்க அலைய வேண்டும், கூலியும் ஏறும். சொந்தமாக ஒன்று இருந்தால் தங்கள் வயலையும் உழுது பக்கத்து வயல்களுக்கும் ஓடலாம் என்பது அவரது கணக்கு. லீசிங் கந்தோரில் மாதத் தவணை 58,000 ரூபா, ஐந்து ஆண்டு என்றார்கள். "அக்கா, உங்களுக்கு இரண்டு இலட்சம் வந்தால் இது பெரிய காசே இல்லை" என்று தம்பி சொன்னதாகப் பின்னர் கேள்விப்பட்டேன். முற்பணத்துக்கு அம்மாவின் நகையை அடகு வைப்பது வரை பேச்சுப் போயிருந்தது.

## முதலில் தடுத்தவர்

கணக்கு சரியில்லை என்று முதலில் காட்டியவர் லீசிங் அலுவலர்தான். தம்பி கடிதத்தின் முதல் பக்கத்தை நீட்டியபோது அவர் அதை வாங்கிப் படிக்கவே இல்லை. "இது வேண்டாம் தம்பி. சம்பளம் வந்து விழுந்த மூன்று மாத வங்கிக் கூற்று கொண்டுவாங்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் கடிதத்து எண்ணை நம்பிக் கடன் கொடுப்பதில்லை. எது வங்கிக்கு வருகிறதோ அதில்தான் தவணை கழியும் என்பது அவர்களுக்குப் பாடமாகிவிட்ட விடயம்.

தம்பி அதைக் குறையாக எடுத்துக்கொண்டார். அக்காவுக்கு அது உறுத்தியது. கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பி, "அண்ணை, இதில கையில எவ்வளவு வரும் எண்டு ஒருக்கால் பாருங்கோ" என்றார். கையெழுத்திட்டு அனுப்ப இன்னும் ஒரு வாரம் இருந்தது.

## கடிதத்தில் இருந்தது

முதல் பக்கத்தில் 24 இலட்சம் தடித்த எழுத்தில். கடைசிப் பக்கத்தில், இணைப்பு என்ற தலைப்பின் கீழ், சிறிய எழுத்தில் அதன் பிரிப்பு. ஆண்டுக் கணக்கில் இருந்ததை மாதக் கணக்காக்கினால் இப்படி வரும்:

| கடிதத்தில் உள்ள விவரம் | மாதத்துக்கு (ரூபா) |
|---|---|
| அடிப்படைச் சம்பளம் | 120,000 |
| போக்குவரத்து, இணையக் கொடுப்பனவு | 15,000 |
| ஈ.பி.எப்., நிறுவனத்தின் பங்கு 12% | 14,400 |
| ஊழியர் நம்பிக்கை நிதியான ஈ.ரி.எப்., நிறுவனத்தின் பங்கு 3% | 3,600 |
| பணிக்கொடை ஒதுக்கு | 5,000 |
| மருத்துவக் காப்புறுதி | 6,000 |
| பயிற்சி | 6,000 |
| ஆண்டு போனஸ் (அதிகபட்சம்) | 30,000 |
| மொத்தம் | 200,000 |

இதில் மாதாமாதம் காசாக வருவது முதல் இரண்டு வரிகள் மட்டும்: 135,000 ரூபா. அதில் அடிப்படைச் சம்பளத்தின் 8 வீதம் 9,600 ரூபா அவருடைய பங்காக ஈ.பி.எப்.புக்குப் போகும், முத்திரை வரி 25 ரூபா. மிச்சம் 125,375 ரூபா.

அதாவது வீட்டில் பேசிக்கொண்ட தொகையில் ஏறக்குறைய 75,000 ரூபா வங்கிக்கு வராது. அதற்காக அது ஏமாற்று என்று உடனே சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு இடத்துக்குப் போகிறது. சில வரிகள் உண்மையிலேயே இவருடைய பணம், சில வரிகள் இவரைத் தொடவே தொடாமல் போகலாம்.

நிறுவனத்தின் ஈ.பி.எப்., ஈ.ரி.எப். பங்குகள் இவருடைய பெயரிலேயே சேருகின்றன. ஆனால் ஈ.பி.எப். பணத்தைச் சாதாரணமாகப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும்தான் எடுக்கலாம். இருபத்தேழு வயதுக்காரருக்கு அது நல்ல சேமிப்பு, உழவு இயந்திரத் தவணைக்கு உதவாது. அதோடு இந்த 12 வீதமும் 3 வீதமும் சட்டப்படி எந்த நிறுவனமும் கட்டியே ஆக வேண்டியவை. பழைய உதவி நிறுவனமும் அவற்றைக் கட்டிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் சம்பளம் என்று சொல்லும்போது கணக்கில் சேர்க்கவில்லை.

பணிக்கொடை ஒதுக்கு வேறு மாதிரி. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டுகள் முடித்தவருக்கு, ஓர் ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் கொடுக்க வேண்டும். அரை மாதத்தைப் பன்னிரண்டாகப் பிரித்ததுதான் அந்த 5,000 ரூபா. நான்கு ஆண்டும் பதினொரு மாதமும் வேலை செய்துவிட்டு விலகினால் அந்தத் தொகையில் சட்டப்படி ஒரு சதமும் கோர முடியாது. மென்பொருள் துறையில் இளம் பிள்ளைகள் ஐந்து ஆண்டு ஒரே இடத்தில் இருப்பது அரிது. எனவே நிறுவனம் இதைச் செலவாகக் காட்டினாலும் பெரும்பாலும் செலவழிக்கப் போவதில்லை.

மருத்துவக் காப்புறுதி மோசமில்லை. ஆனால் அது தனியார் மருத்துவமனைக் கட்டணத்துக்கானது. "எங்களுக்கு இங்க காய்ச்சல் வந்தாலும் பெரியாஸ்பத்திரிதானே அண்ணை" என்றார். கொழும்பில் இருக்கும்போது பயன்படலாம்.

எனக்கு மிகவும் நெருடியது பயிற்சித் தொகை. மாதம் 6,000, ஆண்டுக்கு 72,000 ரூபா பயிற்சிக்காக இவருடைய தொகுப்பில் சேர்த்திருந்தார்கள். மூன்றாம் பக்கத்தில் இன்னொரு நிபந்தனை: இரண்டு ஆண்டுக்குள் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஒரே செலவை ஊதியம் என்றும் எழுதி, கடன் என்றும் எழுதியிருந்தது. இரண்டில் ஏதாவது ஒன்றாகத்தான் அது இருக்க முடியும்.

## பழைய வேலையோடு ஒப்பிட்டது

99,335 எங்கே, 200,000 எங்கே என்று வீட்டில் இருந்த மகிழ்ச்சி, வங்கிக்கு வந்த தொகையைக் கடிதத்தில் இருந்த தொகையோடு ஒப்பிட்டதால் வந்தது. பழைய சம்பளத்தையும் அதே முறையில் எழுதிப் பார்த்தோம். 108,000 ரூபாவோடு நிறுவனத்தின் ஈ.பி.எப். 12,960, ஈ.ரி.எப். 3,240, பணிக்கொடை ஒதுக்கு 4,500 சேர்த்தால் 128,700 ரூபா. புதிய முறையில் சொன்னால் இதுதான் பழைய வேலையின் சி.ரி.சி. கைக்கு வருவதைக் கைக்கு வருவதோடு ஒப்பிட்டால் 99,335 ரூபாவுக்கு எதிரே 125,375. கூடுவது 26,040 ரூபா.

அதன் மேல் கொழும்புச் செலவு. முதல் ஆறு மாதத் தகுதிகாண் காலம் அலுவலகத்துக்கு வர வேண்டும், அதன் பிறகு வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று கடிதத்தில் இருந்தது. வெள்ளவத்தையில் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து அறை, சாப்பாடு, பஸ், மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்துபோவது எல்லாம் கூட்டி 58,000 ரூபா என்று அங்கே ஏற்கெனவே இருக்கிற சிநேகிதி சொன்னார். கிளிநொச்சியில் வேலைக்குப் போய்வர இவருக்கு ஆன செலவு பெட்ரோலும் மதியச் சாப்பாடுமாக 12,000 ரூபா. எனவே கடிதத்தில் இருந்தபடியே சேர்ந்தால், அந்த ஆறு மாதமும் மாத முடிவில் மிஞ்சுவது 67,000 சொச்சம். பழைய வேலையில் மிஞ்சியது 87,000 சொச்சம்.

இதைப் பார்த்ததும் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப ஏன் 24 எண்டு எழுதினவங்கள்?" என்றார். நியாயமான கேள்விதான். ஓர் ஊழியரால் தங்களுக்கு ஆகும் மொத்தச் செலவு எவ்வளவு என்று நிறுவனத்துக்குத் தெரிய வேண்டும், அவர்களுடைய வரவு செலவுக்கு அது தேவையான எண். அதையே ஆள் சேர்க்கும் எண்ணாகவும் வைத்தால் கேட்கப் பெரிதாக இருக்கும் என்பது கூடுதல் வசதி.

## எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு உழவு இயந்திரத்தைப் பற்றியது. வங்கிக்கு மூன்று மாதச் சம்பளம் வரும் வரை எந்த லீசிங்கிலும் கையெழுத்திடுவதில்லை, நகையும் அடகுக்குப் போவதில்லை என்று வீட்டில் ஒத்துக்கொண்டார்கள். அந்தக் காலபோகத்துக்கு வழக்கம்போல் கூலிக்கே உழுவது.

இரண்டாவது, வேலையை மறுப்பதா என்பது. கணக்கை மட்டும் பார்த்தால் ஆறு மாத நட்டம் தெரிந்தது. ஆனால் ஒப்பிட வேண்டிய மறுபக்கம் டிசெம்பர் வரைதான் உறுதி. ஜனவரியில் அந்த 99,335 ரூபா இல்லாமல் போகலாம். அதோடு தகுதிகாண் காலம் முடிந்து ஊரிலிருந்தே வேலை செய்தால் கணக்கு தலைகீழாகும். ஆகவே ஏற்பது, ஆனால் கடிதத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்பது என்று தீர்மானித்தார்.

எதைக் கேட்பது என்பதில்தான் நேரம் செலவிட்டோம். 24 இலட்சத்தைக் கூட்டச் சொன்னால் மறுப்பார்கள். அது மேலிடத்தில் ஒப்புதல் வாங்கிய தொகை. அதற்குள்ளே இருக்கிற வரிகளை இடம் மாற்றுவது மனிதவளப் பிரிவின் கையில் இருக்கும். போனஸிலிருந்தும் பயிற்சியிலிருந்தும் எடுத்து அடிப்படைச் சம்பளத்தில் போடச் சொல்லலாம்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மொத்தம் மாறாமல் இருக்கும்போது, அடிப்படைச் சம்பளத்தில் ஒரு ரூபா கூடினால் அதோடு நிறுவனத்தின் 12 வீதம், 3 வீதம், பணிக்கொடையின் 4 வீதத்துக்குச் சற்று மேல் எல்லாம் சேர்ந்து கூடும். அவையும் அதே 200,000 ரூபாவுக்குள்தான் அடங்க வேண்டும். எனவே போனஸில் 1,000 ரூபாவைக் குறைத்தால் அடிப்படை 839 ரூபாதான் கூடும். அதில் 8 வீதம் கழிய, கையில் வருவது 772 ரூபா. ஈ.பி.எப்., ஈ.ரி.எப். கணக்குகளுக்கு 193 ரூபா போகும், 35 ரூபா பணிக்கொடை ஒதுக்கு. வருமா வராதா என்று தெரியாத 1,000 ரூபாவை விட்டு, மாதாமாதம் உறுதியாக வரும் 772 ரூபாவையும் பெயரில் சேரும் 193 ரூபாவையும் எடுப்பதா என்பதே கேள்வி. நான் எடுப்பேன் என்றேன். அவரும் அப்படியே நினைத்தார்.

போனஸ் அவ்வளவு உறுதியில்லாதது என்று எப்படித் தெரிந்தது? கடிதத்தில் அதிகபட்சம் என்ற சொல் இருந்தது. மின்னஞ்சலில் மூன்று கேள்வி கேட்டார்: எந்த மாதம் கொடுப்பீர்கள், கொடுக்கும் நாளில் வேலையில் இருக்க வேண்டுமா, தகுதிகாண் மாதங்கள் சேருமா? மார்ச்சோடு முடியும் நிதியாண்டுக்கு, அதன் பின் கொடுப்போம், அந்த நாளில் வேலையில் இருக்க வேண்டும், தகுதிகாண் மாதங்கள் சேராது என்று பதில் வந்தது. செப்டெம்பரில் சேர்ந்தால் பெப்ரவரி வரை தகுதிகாண். அந்த நிதியாண்டுக்கு அவருக்குச் சேர்வது மார்ச் ஒரே மாதம். அதாவது முதல் ஆண்டில் 24 இலட்சம் என்ற தொகை எந்தக் கணக்கிலும் வரப்போவதில்லை.

போக்குவரத்துக் கொடுப்பனவு 15,000 ரூபாவையும் அடிப்படையில் சேர்க்கச் சொன்னார். பற்றுச்சீட்டுக் கேட்காமல் எல்லா மாதமும் ஒரே தொகையாகக் கொடுக்கும் கொடுப்பனவு, பெயரில் மட்டும்தான் போக்குவரத்து. அடிப்படையைக் குறைத்து இப்படிக் கொடுப்பனவாகப் பிரித்துக் காட்டுவது ஈ.பி.எப்.பைக் குறைவாகக் கட்ட உதவும் பழைய வழி.

ஒரு மாமா இதற்கிடையில், 100,000 ரூபாவுக்கு மேலே போனால் வரி வெட்டுவான், அடிப்படையைக் கூட்டாதே என்று தடுத்தார். அது பழைய கணக்கு. 2025 ஏப்ரலில் இருந்து ஆண்டுக்கு 18 இலட்சம், மாதக் கணக்கில் 150,000 ரூபா வரை வரி விலக்கு. அதற்கு மேல் வரும் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். இவருடைய மாதச் சம்பளம் அந்த எல்லையைத் தொடாது. முழு ஆண்டும் வேலை செய்து போனஸும் முழுதாக வந்தால்தான் எல்லையைக் கொஞ்சம் தாண்டும், அப்போதும் ஆண்டு முழுவதற்கும் 12,000 ரூபாவுக்குக் குறைவான வரி.

பேச்சு மின்னஞ்சலிலேயே நடந்தது. தொலைபேசியில் பேசினாலும் அதைச் சுருக்கி உடனே எழுதி அனுப்பிவிடுங்கள் என்று சொல்லியிருந்தேன். கடைசியில் திருத்திய இணைப்பு வந்தது. அடிப்படைச் சம்பளம் 144,000, வேறு கொடுப்பனவு இல்லை. ஈ.பி.எப். 17,280, ஈ.ரி.எப். 4,320, பணிக்கொடை 6,000, காப்புறுதி 6,000. பயிற்சித் தொகை தொகுப்பிலிருந்து வெளியே போனது, திருப்பிக் கட்டும் நிபந்தனை ஓராண்டாகக் குறைந்தது. போனஸ் அதிகபட்சம் 268,800 ரூபா, அதாவது மாதத்துக்கு 22,400. மொத்தம் அதே 200,000. கைக்கு வர வேண்டியது 144,000 ரூபாவிலிருந்து 11,520 ரூபாவும் 25 ரூபாவும் கழிய, 132,455 ரூபா. தகுதிகாண் மாதங்களைப் போனஸில் சேர்க்க மட்டும் அவர்கள் கடைசி வரை சம்மதிக்கவில்லை.

## முதல் சம்பளம்

செப்டெம்பர் முதலாம் திகதி சேர்ந்தார். மாத முடிவில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது: 115,175 ரூபா.

எதிர்பார்த்ததை விட 17,280 குறைவு. அந்த எண்ணைப் பார்த்த உடனே காரணம் விளங்கிவிட்டது, ஏனென்றால் அது சரியாக 144,000 ரூபாவின் 12 வீதம். சம்பளச் சிட்டையைத் திறந்து பார்த்தால் கழிவுகள் பத்தியில் ஈ.பி.எப். 8 வீதம் ஒரு வரி, ஈ.பி.எப். 12 வீதம் இன்னொரு வரி. நிறுவனம் கட்ட வேண்டிய பங்கை இவருடைய சம்பளத்திலிருந்து வெட்டியிருக்கிறார்கள்.

இது பேரம் பேசுகிற விடயமல்ல. நிறுவனத்தின் 12 வீதத்தை ஊழியரின் சம்பளத்திலிருந்து கழிக்கக் கூடாது என்பது சட்டம். சி.ரி.சி. கணக்கில் அந்த 17,280 ரூபா ஏற்கெனவே 144,000 ரூபாவுக்கு வெளியே தனி வரியாக எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. திரும்பவும் அடிப்படையிலிருந்து வெட்டினால் ஒரே பங்கை இரண்டு தடவை இவரிடம் வாங்கியதாகிறது. சம்பளப் பிரிவில் இருந்தவரோ, "அது உங்கட சி.ரி.சி.க்குள்ளதானே இருக்கு, அதுதான் கழிச்சது" என்று தொலைபேசியில் சாதித்தார். அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். தொகுப்புக்குள் இருக்கிறது என்பதையும் சம்பளத்துக்குள் இருக்கிறது என்பதையும் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அன்று மாலையே இவர் திருத்திய இணைப்பையும் சம்பளச் சிட்டையையும் வைத்து மனிதவளப் பிரிவுக்கு எழுதினார். இணைப்பில் அடிப்படை 144,000, நிறுவனத்தின் பங்கு அதற்கு மேலதிகமாக 17,280 என்று உள்ளது, சிட்டையில் அது கழிவாக உள்ளது, எது சரி என்று தெரியப்படுத்துங்கள் என்று நான்கே வரி. சட்டம், தொழில் திணைக்களம் என்று எதையும் இழுக்கவில்லை. முதல் மாதத்தில் அதற்குத் தேவை வரவில்லை. மூன்று நாளில் தவறு என்று ஒப்புக்கொண்டு பதில் வந்தது. ஒக்ரோபர் சம்பளத்தோடு நிலுவை 17,280 ரூபாவும் வந்தது. அதே மாதம் சேர்ந்த வேறு சிலருக்கும் அப்படியே வெட்டியிருந்ததாகவும் அவர்களுக்கும் திருத்தியதாகவும் பிறகு சொன்னார். அவர்களில் ஒருவரும் கவனித்திருக்கவில்லை.

கடிதத்தின் இணைப்பு கையில் இல்லாதிருந்தால் இவருக்கும் தெரிந்திருக்காது. கொழும்பில் வரி கூட வெட்டுகிறார்கள் போல என்று விட்டிருப்பார்.

## பிறகு நடந்தது

ஒக்ரோபரிலிருந்து 132,455 ரூபா ஒழுங்காக வந்தது. கொழும்புச் செலவு நினைத்ததை விடக் கொஞ்சம் கூடவே ஆனது, பெரும்பாலும் சாப்பாட்டில். மாதம் 70,000 ரூபா அளவில் மிஞ்சியது. பழைய வேலையில் மிஞ்சியதை விடக் குறைவு என்பது தெரிந்தே போனதால் வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை. பழைய நிறுவனத்தின் திட்டம் டிசெம்பரோடு மூடப்பட்டது. கூட வேலை செய்தவர்களில் சிலர் இன்னும் வேலை தேடுகிறார்கள்.

ஈ.பி.எப். பணம் உண்மையிலேயே கணக்குக்குப் போகிறதா என்பதையும் அவர் விடவில்லை. ஒரு மாதத்துக்குரிய பங்கை அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். ஆகவே செப்டெம்பர்ப் பணம் ஒக்ரோபர் முடிவதற்குள் போயிருக்க வேண்டும். உறுப்பினர் இலக்கத்தைக் கேட்டு வாங்கி, கணக்கில் 28,800 ரூபா, அதாவது இருவர் பங்கும் சேர்ந்த 20 வீதம், வரவு வைக்கப்பட்டதை உறுதி செய்துகொண்டார். சம்பளச் சிட்டையில் கழித்துவிட்டு நிதிக்குக் கட்டாமல் இருக்கும் இடங்கள் உண்டு. சிட்டையை மட்டும் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

உழவு இயந்திரம் டிசெம்பரில் வந்தது, ஆனால் தம்பி முதலில் பார்த்தது அல்ல. மூன்று மாத வங்கிக் கூற்றைப் பார்த்த லீசிங் அலுவலர் 58,000 ரூபாத் தவணைக்குச் சம்மதிக்கவில்லை. கைமாறிய ஒரு லாண்ட்மாஸ்ரருக்கு மாதம் 19,000 ரூபாத் தவணையில் கொடுத்தார். நகை வீட்டிலேயே இருக்கிறது.

பெப்ரவரி முடிவில் தகுதிகாண் காலம் முடிந்து, மார்ச்சில் இவர் கிளிநொச்சிக்கு வந்துவிட்டார். வீட்டிலிருந்து வேலை. இணையத்துக்கும் மின்சாரத்துக்கும் போக இப்போது கையில் மிஞ்சுவது 120,000 ரூபாவுக்கு மேல்.

## அடுத்தவர் மாற்றிச் செய்ய வேண்டியது

இந்தப் பிள்ளை திரும்ப ஒருமுறை செய்தால் மாற்றுவது தொலைபேசி நேர்முகத்தைத்தான் என்கிறார். 24 இலட்சம் என்று சொன்ன இடத்திலேயே, "மாதாமாதம் உறுதியாக வரும் மொத்தச் சம்பளம் எவ்வளவு, அதில் ஈ.பி.எப். கணக்கிடும் தொகை எவ்வளவு?" என்று கேட்டிருக்க வேண்டும். அந்த இரண்டு எண்ணும் தெரிந்தால் கைக்கு வருவதை அங்கேயே மனதில் போட்டுப் பார்த்துவிடலாம். தான் 150,000 எதிர்பார்ப்பதாகச் சொன்னபோதும் அது கையில் வருவதா, அடிப்படையா, மொத்தமா என்று சொல்லாமல் விட்டது அவர்களுக்கு வசதியாகிவிட்டது.

நான் இதற்குப் பிறகு வருகிறவர்களிடம் ஒன்று கூடுதலாகச் சொல்கிறேன். கையெழுத்திட முன்னர், முதல் முழு மாதத்துக்கான மாதிரிச் சம்பளச் சிட்டை ஒன்றை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலான சம்பள மென்பொருட்களில் அது சிறிய வேலை. இந்தக் கதையில் அதைக் கேட்டிருந்தால் 12 வீதம் கழிவுப் பத்தியில் இருந்தது ஜூலையிலேயே தெரிந்திருக்கும். அனுப்பத் தயங்கினால், நிறுவனத்தின் ஈ.பி.எப்., ஈ.ரி.எப். பங்குகள் அடிப்படைச் சம்பளத்துக்கு மேலதிகமானவை, அதிலிருந்து கழிக்கப்படமாட்டா என்று கடிதத்தில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லலாம்.

போனஸைப் பொறுத்தவரை இவருடைய கணக்கு இன்னும் முடியவில்லை. மார்ச் ஒரு மாதத்துக்கு அதிகபட்சம் 22,400 ரூபா வர வேண்டும். எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டுச் சம்பள உயர்வு பேசும்போது மிச்சப் போனஸையும் அடிப்படைக்கு மாற்றிக் கேட்பதா என்று தீர்மானிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அப்படிக் கேட்டால் மாதச் சம்பளம் 150,000 ரூபாவைத் தாண்டும். அதன்பின் தாண்டிய பகுதிக்கு மாதாமாதம் 6 வீத வரியும் கழியும் என்பதால் அந்தக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.